ஹீமோகுளோபின் நார்மல், ஆனால் கால் தூங்க விடவில்லை

"டாக்டர், நான் 41 வயதுப் பெண். ஒரு வருடமாக ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்தில் இரண்டு கெண்டைக்காலுக்குள்ளேயும் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது. வலி என்று சொல்ல முடியவில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. எழுந்து நடந்தால் போய்விடுகிறது, திரும்பப் படுத்தால் வந்துவிடுகிறது. தூங்க ஒன்று, ஒன்றரை மணி ஆகிறது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 12.4, இரும்புச்சத்துக் குறைவெல்லாம் இல்லை என்றார்கள். கால்சியம் மாத்திரை 2 மாதம் சாப்பிட்டும் பயன் இல்லை. தூக்கம் வரட்டும் என்று சில நாள் அலர்ஜி மாத்திரை ஒன்று போட்டுக்கொள்கிறேன், அன்றைக்குக் கால் இன்னும் மோசம். இது நரம்புத் தளர்ச்சியா, மனப் பிரச்சினையா?"

இரண்டும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தாலே பெயர் சொல்லிவிடலாம், ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், தமிழில் அமைதியற்ற கால்கள் என்று எழுதுகிறார்கள். இதை ஸ்கேன் எடுத்தோ நரம்புப் பரிசோதனை செய்தோ கண்டுபிடிப்பதில்லை. நோயாளி சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம், அதற்குத் தேவையான நான்கு விஷயமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் இருக்கிறது, சும்மா இருக்கும்போது வருகிறது, அசைத்தால் அசைக்கும் வரைக்குமாவது குறைகிறது, பகலைவிட ராத்திரியில் அதிகம். இந்த நான்கும் சேர்ந்து இருந்து, வேறு எதுவும் இதைப் போல நடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

வேறு எது நடிக்கும்? நிறைய பேர் குழப்பிக்கொள்வது தசைப்பிடிப்போடு. அது திடீரென்று கெண்டைக்காலைக் கல் மாதிரி இறுக்கிப் பிடிக்கும், தொட்டால் முடிச்சு கையில் தட்டுப்படும், உயிர் போகிற வலி, நீட்டி விட்டால் விட்டுவிடும். உங்களுடையது அப்படி இல்லை. நாள்பட்ட சர்க்கரை நோயில் பாதம் எரியும், மதமதப்பாக இருக்கும், அதுவும் ராத்திரியில் தொந்தரவு செய்யும்தான், ஆனால் எழுந்து நடந்த உடனே அடங்கிவிடாது. நரம்பு சுருண்டவர்களுக்கு, அதாவது வெரிக்கோஸ் உள்ளவர்களுக்கு, நின்றால் கால் கனக்கும், படுத்துக் காலை உயர்த்தி வைத்தால் சுகமாக இருக்கும். உங்களுக்கு நேர் எதிராக, படுத்தால்தான் ஆரம்பிக்கிறது. வலி என்று சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுவே ஒரு அடையாளம் மாதிரி. இந்த நோய் உள்ளவர்கள் உட்கார்ந்து ஐந்து நிமிடம் வார்த்தை தேடுவார்கள், குறுகுறுப்பு, குடைச்சல், உளைச்சல், எலும்புக்குள்ளே அரிக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு, சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று முடிப்பார்கள். சொல்லத் தெரியாததாலேயே பாதிப் பேரை வீட்டிலும் நம்புவதில்லை, மருத்துவரும் மனசுதான் காரணம் என்று அனுப்பிவிடுகிறார். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் இது புதிதாகக் கண்டுபிடித்த நோய் இல்லை. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1672லேயே இதை விவரித்து எழுதிவிட்டார். 1945ல் ஸ்வீடனைச் சேர்ந்த எக்பாம் என்ற நரம்பியல் மருத்துவர் இந்தப் பெயரை வைத்து முழுமையாக வர்ணித்தார். அதே நாட்டில் நோர்ட்லாண்டர் என்பவர் 1950களிலேயே இரும்பை நரம்பு வழியாக ஏற்றி இதற்கு வைத்தியம் செய்து பார்த்திருக்கிறார்.

சரி, அந்த இரும்புக்குத்தான் வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். ஹீமோகுளோபின் 12.4, அதனால் இரும்புச்சத்து குறைவு இல்லை. இதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி முதல் பாதியிலிருந்து வரவே வராது.

மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் கால்வாசிக்குக் கீழே போன பிறகும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரத்தான் செய்யும், அடியில் வற்றும்போதுதான் குழாய் காற்று விடும். ஹீமோகுளோபின் என்பது குழாயில் வருகிற தண்ணீர். உடம்பு எதை விட்டுக்கொடுத்தாலும் ரத்தம் செய்வதை விட்டுக்கொடுக்காது, கையிருப்பில் உள்ள இரும்பையெல்லாம் எடுத்து அதற்குத்தான் முதலில் கொடுக்கும். அதனால் கையிருப்பு கிட்டத்தட்ட தீர்ந்துபோன பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பிக்கும். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் பரிசோதனை வேறு, அதன் பெயர் ஃபெரிட்டின். உங்களுக்கு அதைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. பார்த்திருந்தால் அந்த எண்ணையும் எழுதியிருப்பீர்கள்.

காலுக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிரச்சினை காலில் இல்லை, மூளையில். மூளை டோபமைன் என்ற பொருளைச் செய்கிறது, உடம்பின் அசைவுகளைக் கட்டுப்பாட்டில் வைக்க அது வேண்டும். டோபமைனைச் செய்கிற முக்கியமான நொதி இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. அமைதியற்ற கால்கள் உள்ளவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோதும், முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தபோதும், இறந்த பிறகு மூளைத் திசுவை ஆராய்ந்தபோதும், மூளையில் இரும்பு குறைவாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அதில் முக்கியமானது, ரத்தத்தில் இரும்பு ஓரளவு சரியாக இருக்கிறவர்களுக்கும் மூளையில் குறைவாக இருக்கலாம். ரத்தத்திலிருந்து மூளைக்குள் இரும்பைக் கொண்டுபோகிற வழி அவர்களுக்குக் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, இது பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது. உங்கள் அம்மாவோ அக்காவோ ராத்திரி காலைப் பிடித்துவிடச் சொல்வார்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள், பல பேர் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஞாபகம் வந்து தலையாட்டுவார்கள். அப்புறம், ரத்தத்தில் ஓடுகிற இரும்பின் அளவு நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை, மாலைக்கு மேல் குறையும். டோபமைனுக்கும் ராத்திரியில் ஒரு இறக்கம் உண்டு. ஏற்கெனவே குறைவாக இருக்கிற இடத்தில் இன்னும் குறைகிற நேரம் அது, அதனால்தான் பகலில் நன்றாக இருக்கிற கால் படுக்கிற நேரம் பார்த்து ஆரம்பிக்கிறது.

இதனால் ஃபெரிட்டின் எண்ணைப் படிப்பதிலும் ஒரு விஷயம் மாறுகிறது. பரிசோதனைத் தாளில் நார்மல் அளவு 10லிருந்தோ 15லிருந்தோ தொடங்குவதாகப் போட்டிருப்பார்கள். உங்களுக்கு 22 என்று வந்தால் தாளில் நட்சத்திரக் குறி இருக்காது, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் காலில் இந்தத் தொந்தரவு இருக்கிறவருக்கு அந்த எல்லை பொருந்தாது. பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் ஒரு மில்லி லிட்டரில் 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்த நோயைப் பார்க்கிற மருத்துவர்கள் இப்போது பின்பற்றுகிற கணக்கு. ஆக தாளில் நார்மல் என்று இருக்கிற 22, 35, 60 எல்லாமே உங்கள் விஷயத்தில் குறைவுதான். போன மாதம் எடுத்த ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் ஏற்கெனவே இருந்து அதை நார்மல் என்று நினைத்து எழுதாமல் விட்டிருந்தால், தாளை எடுத்து எண்ணை மட்டும் பாருங்கள்.

பரிசோதனைக்கு ஃபெரிட்டினோடு சீரம் அயர்ன், டி.ஐ.பி.சி. இரண்டையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள். இரும்பு உள்ள மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், சத்து மாத்திரைகளிலும் இரும்பு இருக்கும், குறைந்தது ஒரு நாள் முன்னால் நிறுத்திவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அன்றைக்கு விழுங்கிய இரும்பே ரத்தத்தில் ஏறி ஏமாற்றிவிடும். காய்ச்சல், தொற்று, மூட்டு வீக்கம் மாதிரி ஏதாவது இருக்கிற நேரத்தில் பார்க்க வேண்டாம். உடம்பில் அழற்சி இருந்தால் கையிருப்பு காலியாக இருந்தாலும் ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும். இந்த இடத்தில்தான் மற்ற இரண்டு எண்களும் கைகொடுக்கின்றன. சீரம் அயர்னை டி.ஐ.பி.சி.யால் வகுத்து நூறால் பெருக்குங்கள், அதைத்தான் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்கிறோம், இரும்பைச் சுமக்கிற வண்டிகளில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். சீரம் அயர்ன் 52, டி.ஐ.பி.சி. 400 என்றால் 13 சதவீதம். 20க்குக் கீழே என்றால் ஃபெரிட்டின் பார்க்க நன்றாக இருந்தாலும் இரும்பு போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். 45க்கு மேலே என்றால் நிலைமை வேறு, அப்போது இரும்பு கொடுக்கவே கூடாது. கூடவே கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இந்தத் தொந்தரவு அதிகமாக வரும்.

என்னிடம் வந்த ஒரு ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன், உங்கள் கதையோடு நிறைய ஒத்துப்போகிறது, எதில் தவறு நடக்கும் என்பதும் அவருடைய அனுபவத்தில் நன்றாகத் தெரியும். வயது 46. ராத்திரி ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிடும், கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து பன்னிரண்டு மணிக்கு மேல் படுப்பார். தூங்கின பிறகும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை காலை வெடுக்கென்று இழுக்கிறார் என்று கணவர் சொன்னார். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தூக்கத்தில் இப்படி உதைப்பதும் உண்டு, அவர்களுக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஹீமோகுளோபின் 12.1. ஃபெரிட்டின் 14. அதற்கு முன்னால் பார்த்த ஒரு இடத்தில் யாரோ இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு காபியோடு, கூடவே கால்சியம் மாத்திரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். காபியும் தேநீரும் இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும், கால்சியமும் உறிஞ்சுவதைத் தடுக்கும். உள்ளே போன மாத்திரையில் கொஞ்சம்தான் உடம்பில் சேர்ந்திருக்கும், மீதியெல்லாம் குடலில் தங்கி மலச்சிக்கல். மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டார், இரும்பு எனக்கு ஒத்துக்காது என்று முடிவும் செய்துவிட்டார்.

நான் மாற்றியது அதிகம் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே ஒரு மாத்திரை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெகு நேரம் முன்னால் வெறும் வயிற்றில், காபி தேநீருக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி, கால்சியத்தை மட்டும் காலையிலேயே விட்டுவிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும், காரணம் இதுதான். இரும்பு மாத்திரை ஒன்று உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாக விடுகிறது, அது குடலின் கதவைக் கிட்டத்தட்ட ஒரு நாளைக்குச் சாத்திவைக்கும். மறுநாளே இன்னொன்று போட்டால் கதவு பாதி மூடியிருக்கும், உறிஞ்சப்படுவது குறைந்து வயிற்றுத் தொந்தரவுதான் கூடும். ஒரு நாள் விட்டுப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் சேரும், வயிறும் தாங்கும். அளவைப் பொறுத்தவரை ஒரு மாத்திரையில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்பு இருந்தால் போதும். இது இரும்பின் எடை, மாத்திரை உப்பின் எடை இல்லை. ஃபெரஸ் சல்ஃபேட் 325 மில்லிகிராம் என்று அட்டையில் இருந்தால் அதற்குள் இரும்பு 65 மில்லிகிராம்தான், சில அட்டைகளில் இரும்பின் எடையையே நேரடியாகப் போட்டிருப்பார்கள், இரண்டையும் குழப்பிக்கொண்டு நான்கைந்து மாத்திரை போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வைட்டமின் சி 100லிருந்து 200 மில்லிகிராம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். மறந்துபோனால் ஒன்றும் கெட்டுவிடாது. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம்தான், ஆனால் தார் மாதிரி பளபளவென்று ஒட்டிக்கொண்டு துர்நாற்றத்தோடு போனால் அது ரத்தம், உடனே காட்ட வேண்டும்.

முதல் ஆறு வாரம் அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். மூளையில் இரும்பு சேர்வது மெதுவாகத்தான் நடக்கும், மூன்று மாதத்துக்கு முன்னால் பலிக்கவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. மூன்றாம் மாதக் கடைசியில் ஃபெரிட்டின் 31, கால் ஒன்பதுக்குப் பதிலாகப் பதினொரு மணிக்கு ஆரம்பித்தது, வாரத்தில் மூன்று நாள் வரவே இல்லை. ஆனாலும் மூன்று மாதத்தில் 14லிருந்து 31 என்பது நான் எதிர்பார்த்ததைவிட மெதுவு. உள்ளே ஊற்றுகிற அளவுக்கு எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். மாதவிடாயைப் பற்றி மறுபடியும் கேட்டேன். முதல் தடவை சாதாரணமாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தார், அவர் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்ததால் அதையே சாதாரணம் என்று நினைத்திருக்கிறார். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாற்றுகிறீர்கள், கட்டி கட்டியாகப் போகிறதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா என்று கேட்டபோதுதான் உண்மையான அளவு தெரிந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி இருந்தது. மகப்பேறு மருத்துவர் அதைக் கவனித்து உதிரப்போக்கைக் குறைத்தார், ஏழாவது மாதத்தில் ஃபெரிட்டின் 78, கால் தொந்தரவு மாதத்துக்கு ஒன்றிரண்டு ராத்திரி என்ற அளவுக்கு வந்தது. மாத்திரையை நிறுத்தினோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 52க்கு இறங்கியிருந்தது, அவரே போன் செய்து கால் திரும்ப ஆரம்பித்திருக்கிறது என்று ரிப்போர்ட் வருவதற்கு முன்பே சொன்னார். திரும்பக் கொஞ்ச நாள் கொடுத்தோம்.

நீங்கள் எழுதாமல் விட்டது அந்த விஷயம்தான், மாதவிடாய். உங்கள் வயதில் இரும்பு குறைந்திருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான் போகும். அடிக்கடி ரத்த தானம் செய்கிறவரா, அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவரா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும், அந்த மாத்திரை வயிற்றின் அமிலத்தைக் குறைத்து இரும்பு உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். இதைப் படிக்கிற ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு ஃபெரிட்டின் குறைவாக வந்தால் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு காலைச் சரிசெய்துகொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள், குடலில் எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், சில சமயம் குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியே இதுதான்.

அலர்ஜி மாத்திரை போட்ட அன்றைக்கு மோசமாவது உங்கள் கற்பனை இல்லை. தூக்கம் வரவைக்கிற வகை அலர்ஜி மாத்திரைகள், சளி மருந்துகளில் கலந்திருப்பவையும்தான், மூளைக்குள் போய் இந்தத் தொந்தரவைக் கிளப்பிவிடும். உடம்பு தூங்கத் தயாராக இருக்கும், கால் விடாது, அதைவிடக் கொடுமை இல்லை. முதல் வேலையாக அதை நிறுத்துங்கள், உண்மையிலேயே அலர்ஜி இருந்தால் தூக்கம் தராத வகையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடும் இதே மாதிரிதான், மனச்சோர்வுக்கான பல மாத்திரைகளும் சிலருக்கு இதைக் கூட்டும். ஆனால் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்தவரிடம் காலைப் பற்றிச் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. கால்சியம் உங்களுக்கு இதற்காக வேண்டியதில்லை. வேறு காரணத்துக்காகச் சாப்பிட வேண்டும் என்றால் இரும்புக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நான்கு மணி நேரம் விட வேண்டும்.

மாத்திரையில் ஏறவே இல்லை, வயிறு தாங்கவே இல்லை, அல்லது குடல் நோயால் உறிஞ்சப்படுவதே இல்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றலாம். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்துக்குத்தான் இந்த நோயில் நல்ல ஆதாரம் இருக்கிறது, பெரியவர்களுக்கு மொத்தம் 1000 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். ஃபெரிட்டின் 75க்கும் 100க்கும் இடையில் இருந்து கால் தொந்தரவு கடுமையாக இருக்கிறவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம், அந்த அளவில் மாத்திரை வழியாக உடம்பு அதிகம் எடுத்துக்கொள்ளாது. ஏற்றிய அன்றைக்கே கால் அடங்கிவிடாது, நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். அரிதாக ஒவ்வாமை வரும் என்பதால் ஏற்றி முடித்து அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்கும் இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும். இந்த மருந்து ரத்தத்தில் பாஸ்பேட்டையும் குறைக்கலாம், திரும்பத் திரும்ப ஏற்றுகிறவர்களுக்கு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் இரும்பினால் சரியாகாது, இதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் தொந்தரவு இருப்பவர்கள் உண்டு, இரும்பு ஏறிய பிறகும் பாதிதான் குறைந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு இப்போது முதலில் கொடுப்பது கபாபென்டின் அல்லது பிரிகாபலின். ஒரு காலத்தில் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் என்ற டோபமைன் வகை மாத்திரைகளைத்தான் எல்லோரும் முதலில் எழுதினோம், முதல் வாரமே அற்புதமாகக் கேட்கும், நோயாளி கைகூப்பிவிட்டுப் போவார். ஆனால் மாதங்கள், வருடங்கள் போகப் போகச் சிலருக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்த தொந்தரவு மாலை ஆறுக்கு, பிறகு மதியம் மூன்றுக்கு என்று முன்னால் நகரும், கைக்கும் பரவும். அதைப் பார்த்து அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும், மருந்தே நோயை வளர்க்கிற நிலை அது. ஃபெரிட்டின் குறைவாக இருக்கிறவர்களுக்கு இப்படி ஆகிற வாய்ப்பும் அதிகம். அதனால் 2025ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த மாத்திரைகளை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். யாராவது உங்களுக்கு ஃபெரிட்டின் பார்க்காமலே இதை எழுதினால், முதலில் ஃபெரிட்டின் பார்த்துவிடலாமா என்று கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்த வேண்டாம், நிறுத்துவதை மெதுவாக, மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

ஃபெரிட்டின் ரிப்போர்ட் வராமல் இரும்பை ஆரம்பிக்காதீர்கள். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கும், பரம்பரையாக உடம்பில் இரும்பு அதிகம் சேர்கிறவர்களுக்கும் அது கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும், வெளியே பார்த்து அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. மாத்திரை வாங்கினால் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், சில மாத்திரைகளே அவர்கள் உயிருக்கு ஆபத்து.

இரும்பு வேலை செய்ய ஆரம்பிக்கும் வரைக்கும் ராத்திரியைக் கடக்க, மதியத்துக்கு மேல் காபி வேண்டாம், படுக்கும் முன் கெண்டைக்காலை நன்றாக நீட்டி இழுத்து விடுங்கள், வெந்நீர் சிலருக்குக் கேட்கும், குளிர்ந்த தண்ணீர் சிலருக்கு, இரண்டையும் முயன்று பாருங்கள். தொந்தரவு வந்துவிட்டால் படுத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு, மூளையைப் பிடித்து வைக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள், குறுக்கெழுத்து, கணக்கு, எதுவானாலும் சரி. கவனம் முழுவதும் ஒன்றில் இருக்கும்போது கால் அடங்கியிருப்பதைப் பல பேர் கவனித்திருக்கிறார்கள்.

இன்றிலிருந்து ஒரு தாளில் தேதி போட்டு, கால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று மட்டும் எழுதி வாருங்கள், அலர்ஜி மாத்திரையை நிறுத்தியதிலிருந்து ஏதாவது மாறியதா என்பது இரண்டு வாரத்தில் அதிலேயே தெரியும். ரிப்போர்ட் வந்ததும் ஃபெரிட்டின், சீரம் அயர்ன், டி.ஐ.பி.சி. மூன்று எண்ணையும், மாதவிடாய் எத்தனை நாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.